துருவங்கள் 3, 1/3; விடை 3^(-n). ஆனால் நிரலில் n = 40-க்கு நூறைத் தாண்டுது, ஏன்?

மாறிலி:
இந்த மீள்தொடர்பை z-உருமாற்றத்துல தீர்த்துட்டிருக்கேன்.

`y[n+2] = (10/3) y[n+1] − y[n],  y[0] = 1,  y[1] = 1/3`

பகுதியில `z² − (10/3)z + 1` வருது. அதோட மூலங்கள் 3, 1/3. கையால போட்டா கடைசியில `y[n] = 3^(-n)` மட்டும்தான் மிஞ்சுது. ஆனா "துருவத்தைப் பார்த்து வளர்ச்சி வீதத்தைச் சொல்லு"ன்னு கேட்டா 3-ன்னுதானே சொல்லணும்? சரி, ஓட்டியே பார்த்துடலாம்னு இதை எழுதினேன்:

```python
a, b = 1.0, 1/3
for n in range(2, 41):
    a, b = b, 10/3*b - a
    print(n, b)
```

முதல்ல ஒழுங்கா இறங்குது. 18 வாக்கில திரும்பி ஏற ஆரம்பிக்குது. 40-ல நூறைத் தாண்டிடுது. கைக்கணக்கு சரியா, நிரல் சரியா?

அலைவரிசை:
நிரல்தான் சரி. அலகு வட்டத்துக்கு வெளியே ஒரு துருவம் இருந்தாலே தொடர் வெடிக்கும், அதில் விவாதிக்க ஒன்றுமில்லை. எல்லாவற்றிலும் பெரிய துருவத்தின் மட்டுதான் வளர்ச்சி வீதம். கைக்கணக்கில் தொடக்க மதிப்பு உறுப்புகளை விட்டிருப்பீர்கள். `y[n+2]`-க்கு வெறும் `z²Y` என்று போடுவதுதான் பெரும்பாலோர் செய்வது.

கணக்கன்:
அலைவரிசை சொல்வதில் இரண்டாம் பாதியை முதலில் சரிபார்ப்போம். ஒருபக்க உருமாற்றத்தில் முன்னோக்கி நகர்த்தினால் தொடக்க மதிப்புகள் கூடவே வரும்:

`y[n+1]  →  zY − z y[0]`
`y[n+2]  →  z²Y − z² y[0] − z y[1]`

இவற்றை விட்டுவிட்டால் வலப்பக்கம் பூச்சியமாகி `Y = 0` என்றுதான் வரும். மாறிலிக்கு அப்படி வரவில்லை, ஆகவே அவர் விடவில்லை. எண்களைப் போடாமல் `y[0]`, `y[1]` என்றே வைத்துக்கொண்டு போனால் என்ன நடக்கிறது என்பது தெளிவாகத் தெரியும்:

`Y = z · ( y[0] z + y[1] − (10/3) y[0] ) / ( (z − 3)(z − 1/3) )`

தொகுதியில் வெளியே நிற்கும் அந்த ஒரு z-ஐத் தொடாமல், `Y/z`-ஐத்தான் பகுதி பின்னமாகப் பிரிக்க வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு துண்டும் `z/(z − p)` வடிவில் அமைந்து நேராக `p^n` ஆக மாறும். `Y`-ஐயே பிரித்தால் `1/(z − p)` வந்து, எல்லாம் ஒரு படி தள்ளிப்போன `p^(n−1)` ஆகிவிடும். விடை தப்பாகாது, ஆனால் n = 0-ஐத் தனியாகக் கவனிக்க வேண்டியிருக்கும். பிரித்தால் கிடைப்பது:

`y[n] = A · 3^n + B · (1/3)^n`
`A = (3/8)( y[1] − y[0]/3 )`
`B = (3/8)( 3 y[0] − y[1] )`

இப்போது A-ஐப் பாருங்கள். `y[0] = 1, y[1] = 1/3` என்றால் A சரியாகப் பூச்சியம். உருமாற்றத்திலேயே இது தெரிகிறது: தொகுதி `z(z − 3)` ஆகி, மேலேயுள்ள `(z − 3)` கீழேயுள்ள `(z − 3)`-ஐ அடித்துவிடுகிறது. மிஞ்சுவது `Y = z/(z − 1/3)`. கைக்கணக்கு சரி.

ஆகவே "பெரிய துருவம்தான் வளர்ச்சி வீதம்" என்பதை "அடிபடாமல் மிஞ்சும் துருவங்களில் பெரியது" என்று திருத்திக்கொள்ள வேண்டும். பகுதி சொல்வது அந்த மீள்தொடர்பால் என்னென்ன வளர்ச்சி சாத்தியம் என்பதை. அதில் எது உண்மையில் நடக்கிறது என்பதைத் தொகுதியும் சேர்ந்துதான் சொல்லும்.

அலைவரிசை:
காகிதத்தில் அடிபடலாம். ஒரு வடிகட்டியை உருவாக்கி ஓட்டுகிறவருக்கு அந்த அடிபடுதல் எந்தப் பயனும் தராது. நிரல் வெடித்ததா இல்லையா?

மாறிலி:
அதேதான் என் கேள்வியும். A = 0-ன்னா 3^n எங்கிருந்து முளைக்குது?

கணக்கன்:
A = 0 என்பது `y[1]` துல்லியமாக 1/3 ஆக இருந்தால்தான். இரும எண்ணில் 1/3-ஐ முழுதாக எழுத முடியாது. 64 பிட் ஃப்ளோட்டில் சேமிக்கப்படும் மதிப்பு 1/3-ஐவிடச் சுமார் 1.85 × 10⁻¹⁷ குறைவு. 10/3-ம் அப்படித்தான், சுமார் 1.48 × 10⁻¹⁶ கூடுதல்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 10/3 கொஞ்சம் கூடியதால் சிறிய துருவமும் நகர்கிறது. அந்த நகர்வைக் கணக்கிட்டால் அதுவும் 1.85 × 10⁻¹⁷ குறைவு என்றே வருகிறது! அதாவது, சேமித்த `y[1]` சேமித்த மீள்தொடர்பின் சிறிய துருவத்தோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறது. இந்த இரண்டு பிழையால் மட்டும் 3^n முளைத்திருக்காது. விதை விழுவது சுற்றின் முதல் பெருக்கலில். `10/3*b` என்பது 10/9, அதாவது 1-ஐவிடப் பெரிய எண். அந்த இடத்தில் அடுத்தடுத்த ஃப்ளோட்டுகளுக்கு இடைவெளி 2.2 × 10⁻¹⁶. அதில் ரவுண்டு ஆனதில் சுமார் 6 × 10⁻¹⁷ பிழை ஏறுகிறது. பிறகு 1-ஐக் கழித்ததும் 1/9 மிஞ்சும், பிழை மட்டும் அப்படியே நிற்கும். அடுத்த பெருக்கலும் சின்னதாகச் சேர்க்கிறது. அதற்குப் பிறகு வருபவை பொருட்படுத்தத் தக்கவை அல்ல.

இந்த இரண்டையும் A-க்கு மாற்றினால் `A ≈ 8.6 × 10⁻¹⁸`. இதை வைத்துக்கொண்டு உங்கள் திரையில் வந்ததை முன்கூட்டியே சொல்லலாம். உண்மை என்பது 3^(-n), கலப்படம் என்பது A · 3^n:

n = 17: உண்மை 7.7 × 10⁻⁹, கலப்படம் 1.1 × 10⁻⁹
n = 18: உண்மை 2.6 × 10⁻⁹, கலப்படம் 3.3 × 10⁻⁹
n = 30: கலப்படம் 0.0018 அளவில்
n = 40: கலப்படம் 104 சுமார்

n = 18-ல் கலப்படம் உண்மையை முந்துகிறது. நீங்கள் பார்த்த திருப்பம் அதுதான். 30-க்கு மேல் அடுத்தடுத்த இரு மதிப்புகளை வகுத்துப் பாருங்கள், 3.000 என்று வரும். அடிபட்ட துருவம் திரும்பி வந்துவிட்டது என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் இல்லை. வேறு ஏதாவது தட்டச்சுப் பிழை இருந்தால் வகுத்தல் இவ்வளவு சுத்தமாக 3-ல் நிற்காது.

மாறிலி:
வகுத்துப் பார்த்தேன். 25-லேயே 3.000-ன்னு காட்டுது. அப்போ "வளர்ச்சி வீதம் என்ன"ன்னு தேர்வுல கேட்டா 1/3-ன்னு எழுதணுமா, 3-ன்னு எழுதணுமா?

கணக்கன்:
தொடக்க மதிப்பு கொடுத்துக் கேட்டால் 1/3. கொடுக்காமல் கேட்டால் 3, கூடவே "`y[1] = y[0]/3` அல்லாதபோது" என்று ஒரு வரி.

அலைவரிசை:
இதில் எனக்கு உடன்பாடில்லை. நடைமுறையில் எந்தத் தொடக்க மதிப்பும் துல்லியமாக இருக்காது. ஆக, 3 என்பதுதான் நேர்மையான விடை. 1/3 என்பது ஊசிமுனையில் நிற்கும் விடை.

பின்னம்:
ஏன் இவ்வளவு சுற்றல்? பைத்தானில் `from fractions import Fraction` போட்டு `a, b = Fraction(1), Fraction(1,3)`, குணகத்தையும் `Fraction(10,3)` என்று வைத்தால் n = 40 என்ன, 4000-க்கும் துல்லியமாக வரும். ஊசிமுனையும் இல்லை, ஒன்றும் இல்லை. பின்னம் வேண்டாம் என்றால் `Decimal`-ல் 50 இலக்கம் வைத்துக்கொள்ளுங்கள். தீர்ந்தது.

கணக்கன்:
`Fraction` சரி, விகிதமுறு எண்களாக இருக்கும்வரை. துருவம் √2 போல் ஏதாவது என்றால் தொடக்க மதிப்பையே பின்னமாக எழுத முடியாது. `Decimal` தீர்வல்ல, தவணை. உண்மை ஒவ்வொரு படியிலும் மூன்றில் ஒன்றாகிறது, கலப்படம் மூன்று மடங்காகிறது. அதாவது இரண்டுக்கும் உள்ள விகிதம் படிக்கு 9 மடங்கு கெடுகிறது. log₁₀ 9 = 0.954, ஆகவே படிக்கு ஏறக்குறைய ஒரு இலக்கம் போகிறது. 16 இலக்கம் இருந்ததால் பதினெட்டில் தீர்ந்தது. 50 இலக்கம் வைத்தால் ஐம்பத்து சொச்சத்தில் தீரும்.

துருவங்களைப் பார்த்து முன்கூட்டியே படிக்கக்கூடிய எண் இது: பெரிய துருவத்தின் மட்டு வகுத்தல் உங்களுக்கு வேண்டிய துருவத்தின் மட்டு. அதன் log₁₀ தான் படிக்கு இழக்கும் இலக்கம். விகிதம் 1.1 என்றால் 100 படிக்கு நான்கு இலக்கம்தான் போகும், கவலைப்பட வேண்டாம். 9 என்றால் நிரல் எழுதும் முன்பே யோசிக்க வேண்டும்.

ஃப்ளோட்டிலேயே செய்ய வேண்டுமென்றால் பின்னோக்கி ஓட்டுங்கள்: `y[n] = (10/3) y[n+1] − y[n+2]`. பின்னோக்கிப் போகும்போது 3^(-n) தான் வளர்கிறது, 3^n தேய்கிறது. ஆகவே கலப்படம் தானாகச் செத்துவிடும். `y[31] = 0, y[30] = 1` என்று பொய்யாகத் தொடங்கி y[0] வரை இறங்கி, கடைசியில் எல்லாவற்றையும் y[0]-ஆல் வகுத்தால் போதும். n = 20-ல் சார்புப் பிழை 9⁻¹¹, அதாவது 3 × 10⁻¹¹ சுமார். 40-லிருந்து தொடங்கினால் n = 20-ல் அந்தப் பிழை ஃப்ளோட்டின் எல்லைக்கும் கீழே போய்விடும். பெசல் சார்புகளைக் கணிக்க மில்லர் முறை என்று செய்வது இதே வேலைதான், அங்கே குணகம் n-ஓடு மாறும் என்பது மட்டும் வேறுபாடு.

தொடர்_நேசன்:
ஒரு குழப்பம். நான் பிறப்பாக்கிச் சார்பு வழியில் போட்டேன், `G(x) = Σ y[n] xⁿ`. எனக்கும் பகுதியில் `1 − (10/3)x + x²` தான், துருவங்கள் 3, 1/3. ஆனால் எங்கள் விதிப்படி தோற்றப் புள்ளிக்கு அருகில் இருக்கும் துருவம்தான் வளர்ச்சியைத் தீர்மானிக்கும். அது 1/3. ஆகவே பொதுவான தொடக்க மதிப்புக்கு வளர்ச்சி 1/3 என்று வருகிறதே? நீங்கள் 3 என்கிறீர்கள்.

கணக்கன்:
உங்கள் விதி சரி, கடைசிப் படி விட்டுப்போயிற்று. `x = 1/z`. உங்கள் துருவம் x = 1/3 என்றால் வளர்ச்சி அதன் தலைகீழ், 3. `1/(1 − 3x)`-ஐ விரித்தால் 3^n தானே வருகிறது? z தளத்தில் வெளியே தொலைவில் இருப்பது ஆள்கிறது, x தளத்தில் உள்ளே நெருங்கி இருப்பது ஆள்கிறது. இரண்டும் ஒரே துருவம்.

இந்தக் கணக்கு இதில் கொஞ்சம் ஏமாற்றும். மூலங்கள் ஒன்றுக்கொன்று தலைகீழாக இருப்பதால் இரண்டு தளத்திலும் ஒரே எண் தொகுப்பு வருகிறது, குழம்பியது கண்ணுக்குப் படாது. `y[n+2] = 5y[n+1] − 6y[n]` என்று மாற்றிப் போடுங்கள். z-ல் 2, 3 வரும். x-ல் 1/2, 1/3 வரும். எந்தத் தளத்தில் நிற்கிறீர்கள் என்பது உடனே தெரிந்துவிடும்.

எட்டடி:
என் கணக்கையும் கொஞ்சம் பாருங்க. விதி `y[n+2] = 2y[n+1] − 2y[n] + 1`. வர்ற தொடர்:

`1, 2, 3, 3, 1, −3, −7, −7, 1, 17, …`

மேல சொன்ன மாதிரி அடுத்தடுத்த ரெண்டை வகுத்துப் பார்த்தா 2, 1.5, 1, 0.33, −3, 2.33, 1, −0.14, 17… எதுலயும் நிக்க மாட்டேங்குது. இதுவும் ரவுண்டிங் பிழையா? எல்லாம் முழு எண்தானே?

பின்னம்:
இன்னும் நூறு உறுப்பு போய்ப் பாருங்கள், நின்றுவிடும்.

கணக்கன்:
நிற்காது பின்னம், எவ்வளவு தூரம் போனாலும். இங்கே துருவங்கள் `z² − 2z + 2 = 0`, அதாவது 1 ± i. கலப்பெண் இணை. இரண்டுக்கும் மட்டு ஒன்றேதான், √2. ஆள்வதற்குத் தனியாக ஒரு பெரிய துருவம் இல்லை. கோணம் 45°, எனவே எட்டு படிக்கு ஒரு சுற்று. வகுத்தல் அந்தக் கோணத்தோடு சேர்ந்து சுற்றிக்கொண்டே இருக்கும்.

அதோடு அந்த `+ 1` இருக்கிறதே, மாறாத உள்ளீட்டின் உருமாற்றம் `z/(z − 1)`, அது z = 1-ல் மூன்றாவது துருவத்தைக் கொண்டு வருகிறது. உங்கள் தொடர் 1 என்ற மட்டத்தைச் சுற்றி ஆடுவது அதனால்தான். 1-ஐக் கழித்தால் `0, 1, 2, 2, 0, −4, −8, −8, 0, 16`. நான்கு படிக்கு ஒருமுறை குறி மாறி நான்கு மடங்காகிறது. (√2)⁴ = 4, நான்கு முறை 45° என்றால் 180°. துருவத்தின் ஆரமும் கோணமும் அப்படியே தொடரில் தெரிகின்றன.

விதி தெரியாமல் எண்கள் மட்டும் கையில் இருந்தால், வகுத்தலுக்குப் பதில் இதைப் போடுங்கள்:

`D[n] = y[n+1]² − y[n] · y[n+2]`

`y[n+2] = a y[n+1] − b y[n]` என்ற எந்தத் தொடருக்கும் `D[n+1] = b · D[n]`, தோராயமாக அல்ல, துல்லியமாக. b என்பது இரு துருவங்களின் பெருக்கல். கலப்பெண் இணைக்கு அது r², ஆகவே √b தான் வளர்ச்சி வீதம்.

எட்டடி:
போட்டேன். என் தொடருக்கு D: 1, 3, 6, 10, 16, 28, 56, 120. வகுத்தா 3, 2, 1.67, 1.6, 1.75, 2, 2.14. துல்லியமா ரெண்டு வரலையே.

கணக்கன்:
`+ 1`-ஐக் கழிக்காமல் போட்டிருக்கிறீர்கள். z = 1-ல் உள்ள துருவம் உள்ளே இருக்கும்வரை அந்த விதி பொருந்தாது, அப்போது மொத்தம் மூன்று துருவங்கள். மட்டம் எவ்வளவு என்று தெரியாவிட்டாலும் கவலையில்லை, முதலில் அடுத்தடுத்த வித்தியாசம் எடுங்கள். வித்தியாசம் எடுப்பது `(z − 1)`-ஆல் பெருக்குவது போன்றது, அந்தத் துருவம் அடிபட்டுவிடும்:

`1, 1, 0, −2, −4, −4, 0, 8, 16`

இதற்கு D: 1, 2, 4, 8, 16, 32, 64. இப்போது b = 2, r = √2.

ஒரு எச்சரிக்கை. துருவங்கள் மெய்யெண்களாக இருக்கும்போது D வளர்ச்சியைச் சொல்லாது, பெருக்கலை மட்டும்தான் சொல்லும். மாறிலியின் மீள்தொடர்பில் b = 1, ஆகவே D வளரவே வளராது, தொடர் 3^n ஆக ஓடினாலும். முதலில் வகுத்துப் பாருங்கள், அது ஓரிடத்தில் நின்றால் அதுதான் வீதம். நிற்காமல் சுற்றினால் மட்டும் D-க்குப் போங்கள்.

அலைவரிசை:
அளவிட்ட தரவில் இது வேலைக்கு ஆகாது என்று சொல்லிவிடுகிறேன். இரண்டு பெரிய எண்களின் பெருக்கல்களைக் கழிக்கிறீர்கள். கோணம் சிறியதாக, அதாவது துருவங்கள் மெய்யச்சை ஒட்டி இருந்தால், இரண்டும் ஏறக்குறைய சமமாகி D முழுக்க இரைச்சலாகிவிடும். நான் என்றால் a, b இரண்டையும் மீச்சிறு வர்க்க முறையில் பொருத்தி, பிறகு துருவம் எடுப்பேன்.

கணக்கன்:
கோணம் சிறியதாக இருந்தால் D கெடும் என்பது உண்மை, D-யின் அளவில் sin²θ இருக்கிறது. ஆனால் அந்த இடத்தில் உங்கள் பொருத்தலும் தடுமாறும். `y[n]`, `y[n+1]` இரண்டு நெடுவரிசைகளும் ஏறக்குறைய ஒரே திசையில் இருக்கும், a-யும் b-யும் சேர்ந்து நகர்ந்து ஒன்றின் பிழையை மற்றது மறைக்கும். போதாததற்கு, இரைச்சல் வலப்பக்க நெடுவரிசைகளிலும் இருப்பதால் b ஒரு பக்கமாகச் சாயும்.

அலைவரிசை:
சாயும், ஆனால் நூறு புள்ளிகளைச் சேர்த்துப் பொருத்தும்போது உங்கள் மூன்று புள்ளி D-ஐவிடக் குறைவாகச் சாயும். எவ்வளவு இரைச்சலுக்கு எது மேல் என்று ஓட்டிப் பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது.

மாறிலி:
பின்னோக்கி ஓட்டினது வேலை செய்யுது, 40-லிருந்து தொடங்கினேன், n = 20 வரைக்கும் எல்லா இலக்கமும் பொருந்துது. இன்னொரு சந்தேகம்: `y[1]`-ஐ 0.3333-ன்னு நாலு இலக்கத்தோட குடுத்தா முன்னோக்கி எப்போ திரும்பும்?

கணக்கன்:
A-க்கான சூத்திரத்திலேயே போடலாம். `y[1] − 1/3` என்பது −3.3 × 10⁻⁵, ஆகவே A = −1.25 × 10⁻⁵. 9^n = 80000 ஆகும் இடம் n = 5-க்குக் கொஞ்சம் மேல். இந்த முறை A எதிர்மறை, எனவே 6-லேயே தொடர் பூச்சியத்துக்குக் கீழே போய்விடும்.